பீக்கபூ: தெரிந்த முடிவுக்கு ஏன் இத்தனை சிரிப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீக்கபூவுல முகத்தை மூடித் திறந்து காட்டும்போது அடுத்து என்ன வரும்னு குழந்தைக்கே தெரியும். அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் புதுசா பாக்கிற மாதிரி சிரிக்குது?

தெரிந்திருப்பதால்தான் சிரிக்கிறது. முகம் திரும்ப வரும், அதே முகம் வரும், அதே இடத்தில் வரும் என்பது குழந்தைக்குத் தெரியும், ஆனால் எந்த நொடியில் வரும் என்பது மட்டும் சரியாகத் தெரியாது. அந்த ஒரே ஒரு கேள்விக்காக உடம்பு முழுவதும் காத்திருக்கிறது, விடை வந்ததும் காத்திருப்பு சிரிப்பாக உடைகிறது, அதோடு பிடித்த முகம் ஒன்று கண்ணுக்கு நேராகப் பார்த்துப் புன்னகைக்கிறது. முடிவே தெரியாத விளையாட்டாக இருந்தால் ஆறேழு மாதக் குழந்தை சிரிக்காது, முழிக்கும். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், கீழே வருகிறது.

உண்மையிலேயே அதுக்குத் தெரியுமா? இல்ல நாமதான் அப்படி நினைச்சுக்கிறோமா?

நியாயமான சந்தேகம். பேசத் தெரியாத ஒருவரிடம் "உனக்குத் தெரியுமா" என்று கேட்க முடியாது, அதனால் சுற்றுவழியில்தான் போக வேண்டும். எளிய வழி, ஒழுங்கைக் கலைத்துவிட்டுக் குழந்தை கவனிக்கிறதா என்று பார்ப்பது.

1999-ல் பிலிப் ரோஷாவும் அவருடைய குழுவும் இதைத்தான் செய்தார்கள். இரண்டு, நான்கு, ஆறு மாதக் குழந்தைகள். ஒரு ஆய்வாளர் குழந்தையின் எதிரே உட்கார்ந்து ஒருமுறை பீக்கபூவை வழக்கமான வரிசையில் விளையாடுவார்: நெருங்குவது, முகத்தை மூடுவது, திறப்பது, குரல் கொடுப்பது, எல்லாம் அதனதன் இடத்தில். இன்னொரு முறை அதே அசைவுகளையும் அதே சத்தங்களையும் வரிசை மாற்றிக் குலுக்கிப் போட்டுவிடுவார். அதாவது முகமும் அதேதான், குரலும் அதேதான், விளையாட்டின் உள்கட்டு மட்டும் இல்லை.

இரண்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. எதற்கும் சிரித்தார்கள், எதையும் பார்த்தார்கள். நான்கு மாதத்திலும் ஆறு மாதத்திலும் கதை மாறிவிட்டது. ஒழுங்காக விளையாடியபோது அதிகம் புன்னகைத்தார்கள், குலுக்கிப் போட்டபோது புன்னகை குறைந்து உற்றுப் பார்ப்பது கூடியது. என்ன நடக்கிறது என்று புரியாதபோது நாமும் சிரிப்பதில்லை, வெறித்துப் பார்க்கிறோம், அதுபோலத்தான். ஆக, நான்கு மாதத்துக்குள்ளேயே இந்த விளையாட்டுக்கு ஒரு வரிசை உண்டு என்று குழந்தை பிடித்துக்கொண்டுவிடுகிறது, அந்த வரிசை இருப்பதுதான் அதற்குப் பிடிக்கவும் செய்கிறது.

வீட்டில் ஆய்வகம் தேவையில்லை. நாலைந்து சுற்று ஆனபின் உங்கள் கை இன்னும் முகத்தின்மேல் இருக்கும்போதே விரல் இடுக்கு வழியாகப் பாருங்கள். குழந்தையின் வாய் ஏற்கெனவே விரிய ஆரம்பித்திருக்கும், கால் உதைக்கும், சில குழந்தைகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். முகம் வந்தபின் வரும் சிரிப்பை விட, வருமுன் வரும் இந்தச் சிரிப்புதான் அதற்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி.

முகத்தை மறைச்சா ஆளே காணாம போயிட்டாங்கன்னு குழந்தை நினைக்குமாம், திரும்ப வந்ததும் ஆச்சரியத்துல சிரிக்குமாம். இப்படித்தானே எல்லாரும் சொல்றாங்க?

எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது சரியாகப் பொருந்தவில்லை. இந்த விளக்கத்தின் வேர் ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே. தன் குழந்தைகளையே பார்த்துப் பார்த்து அவர் சொன்னது: சுமார் எட்டு மாதத்துக்கு முன் ஒரு பொம்மையைத் துணியால் மூடினால் குழந்தை அதைத் தேடுவதில்லை, அதனால் மறைந்த பொருள் தொடர்ந்து இருக்கிறது என்ற எண்ணம் இன்னும் முழுதாக வரவில்லை.

ஆனால் தேடாதது வேறு, நினைக்காதது வேறு. துணியைப் பிடித்து இழுத்து எடுப்பதற்குக் கையும் திட்டமும் வேண்டும். கையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பார்த்தால் என்ன தெரியும் என்று 1985-ல் ரெனே பையர்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி, ஸ்டான்லி வாசர்மன் மூவரும் ஐந்து மாதக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். ஒரு பெட்டிக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை எழும்பிப் பெட்டியை மறைக்கும். பின்னால் பெட்டி இருப்பதால் பலகை பாதியில் முட்டி நிற்க வேண்டும். முட்டாமல் பெட்டிக்குள் புகுந்து போவதுபோல் முழுக்கச் சாய்ந்தால் குழந்தைகள் நீண்ட நேரம் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று ஏதோ ஒரு அளவில் அவர்கள் எதிர்பார்த்திருந்தால்தான் அப்படிப் பார்க்க முடியும். இரண்டு வருடம் கழித்து மூன்றரை மாதக் குழந்தைகளில் சிலரிடமும் இதே போக்கைப் பையர்ஜான் கண்டார். நீண்ட நேரம் பார்ப்பதை எவ்வளவு தூரம் "தெரியும்" என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற சண்டை அந்தத் துறைக்குள் இன்னும் இருக்கிறது, அது தனிக்கதை.

இதை எல்லாம் விடுங்கள், பழைய விளக்கத்துக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. ஆள் காணாமல் போய்த் திரும்பி வந்த ஆச்சரியம்தான் காரணம் என்றால், மறைந்த பொருள் அங்கேயே இருக்கும் என்று ஐயமில்லாமல் தெரிந்த வயதில் சிரிப்பு நின்றுவிட வேண்டும். ஒரு வயதுக் குழந்தை மூடி வைத்த பொம்மையைத் தூக்கி எடுத்துக்கொண்டு போய்விடும், பீக்கபூவுக்கும் வயிறு குலுங்கச் சிரிக்கும்.

அப்போ எதிர்பாராதது நடந்தா இன்னும் அதிகமா சிரிக்கணுமே? ஒரு ஆள் மறைஞ்சு வேற ஆள் வந்தா?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் நேரடியான விடை இருக்கிறது.

ஜெரட் பாரட், ஹென்றி க்ளைட்மன் இருவரும் 1989-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஆறு, ஏழு, எட்டு மாதக் குழந்தைகள். ஒரு பெரியவர் மறைவார், அதே இடத்தில் வெளிப்படுவார். இது பலமுறை, ஒழுங்காக, குழந்தை பழகும் அளவுக்கு நடக்கும். நடுநடுவே ஒரு தந்திரச் சுற்று. சில நேரம் மறைந்தவருக்குப் பதில் வேறொருவர் வெளிப்படுவார், சில நேரம் அதே ஆள் வேறு இடத்திலிருந்து வருவார், சில நேரம் ஆளும் மாறும் இடமும் மாறும்.

ஆச்சரியம்தான் சிரிப்புக்குக் காரணம் என்றால் தந்திரச் சுற்றில் சிரிப்பு பொங்கி வழிந்திருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். புன்னகையும் சிரிப்பும் குறைந்தன, புருவம் மேலே ஏறியது. வியப்பு வந்தது, ஆனால் வேடிக்கை போய்விட்டது. வந்தவர் மோசமாக விளையாடினார் என்பதல்ல, குழந்தை காத்திருந்தது வேறொருவருக்கு, அவ்வளவுதான்.

இந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டு நம் கேள்வியைத் திரும்பப் பார்த்தால் அது கொஞ்சம் தலைகீழாக இருப்பது தெரியும். "தெரிந்தும் ஏன்" என்று நாம் கேட்கிறோம், பெரியவர்களுக்கு நகைச்சுவை என்றால் எதிர்பாராத திருப்பம் என்று பழகிவிட்டதால். ஆறு மாதக் குழந்தையின் நாளில் எதிர்பாராததற்குப் பஞ்சமே இல்லை. யாரோ தூக்குகிறார்கள், யாரோ துடைக்கிறார்கள், சத்தம் வருகிறது, விளக்கு அணைகிறது. அதற்கு அபூர்வமாகக் கிடைப்பது தன்னால் முன்கூட்டியே சொல்ல முடிகிற ஒன்று. அப்படிச் சொன்னது சொன்னபடியே நடக்கும்போது கிடைக்கும் இன்பத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்த பாட்டில் பல்லவி திரும்பி வரும் இடத்துக்காக நாமும் காத்திருந்து தலையாட்டுவதில்லையா.

எல்லாமே தெரியும்னா அப்புறம் காத்திருக்க என்ன இருக்கு?

நேரம். மூடிய முகம் ஒரு நொடியில் திறக்குமா, மூன்று நொடியில் திறக்குமா என்பது.

நேரத்தை அளக்கும் திறன் குழந்தைகளுக்கு உண்டு, ஆனால் தோராயமானது. ஆறு மாதக் குழந்தையால் ஒரு கால அளவையும் அதன் இரண்டு மடங்கையும் வேறுபடுத்த முடிகிறது. இரண்டுக்கு மூன்று என்ற விகிதம் வந்தால் திணறுகிறது. பத்து மாதம் வாக்கில் அந்த விகிதமும் பிடிபடுகிறது. இப்போது இதைப் பீக்கபூவோடு சேர்த்துப் பாருங்கள் (இந்த முடிச்சு நான் போடுவது). நீங்கள் ஒரு சுற்றில் இரண்டு நொடி, அடுத்ததில் மூன்று நொடி மறைந்தால், உங்களைப் பொறுத்தவரை அது மாறுதல், ஆறு மாதக் குழந்தையைப் பொறுத்தவரை இரண்டும் ஏறத்தாழ ஒரே காத்திருப்பு. ஆனால் அந்தக் காத்திருப்பின் முடிவு எந்தக் கணம் என்று அதனால் குறி வைக்க முடியாது. "இப்போ... இப்போ..." என்று ஒரு சிறு ஜன்னல் திறந்தே இருக்கிறது. பத்தாவது சுற்றிலும் அந்த ஜன்னல் மூடாது, ஏனென்றால் கடிகாரமே மங்கல்.

இன்னொரு பக்கம், நாமும் சும்மா இருப்பதில்லை. ஜெரோம் புரூனரும் ஷெர்வுட்டும் 1976-ல் எழுதிய ஆய்வு ஆறு தாய்-குழந்தை ஜோடிகளைக் குழந்தையின் ஏழாம் மாதத்திலிருந்து பதினேழாம் மாதம் வரை தொடர்ந்து பார்த்தது. அவர்கள் கண்டது நான்கு படிகள் கொண்ட மாறாத எலும்புக்கூடு: முதலில் கண்ணோடு கண் சேருவது, பிறகு மறைவு, பிறகு வெளிப்படுவது, கடைசியில் மறுபடி கண்ணோடு கண். இந்த நான்கில் ஒன்றைக்கூட யாரும் விடவில்லை. ஆனால் எலும்புக்கு மேலே இருக்கும் சதையை எல்லோரும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எதால் மறைப்பது, யாரை மறைப்பது, எவ்வளவு நேரம், குரலை எப்படி இழுப்பது. விதி நிலையானது, விவரம் நெகிழ்வானது. விதி இல்லாவிட்டால் குழந்தை முழிக்கும், விவரம் மாறாவிட்டால் சீக்கிரம் சலிக்கும். யாரும் சொல்லித் தராமலேயே பெரியவர்கள் இதைச் சரியாகச் செய்கிறார்கள், எப்படி என்பதைத் தெரிந்துகொள்ளக் குழந்தையின் முகத்தைப் பார்த்தால் போதும். அதன் சிரிப்பு நம்மை வழிநடத்துகிறது. இரண்டு நொடி இழுத்தபோது நன்றாகச் சிரித்தது என்றால் அடுத்து மூன்று நொடி இழுத்துப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது.

ஒரு ஆட்டத்தை முழுசா ஒண்ணொண்ணா சொல்லுங்களேன், எங்க என்ன நடக்குதுன்னு.

சரி. ஏழு மாதக் குழந்தை, வயிறு நிறைந்திருக்கிறது, தூக்கம் வரவில்லை, பாட்டியின் எதிரே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. பாட்டியின் கையில் ஒரு சின்னத் துண்டு.

முதல் சுற்று. பாட்டி குழந்தையின் கண் தன்மேல் விழும்வரை காத்திருக்கிறார். இதை யாரும் எண்ணுவதில்லை, ஆனால் இதுதான் முதல் படி, குழந்தை வேறெங்கோ பார்க்கும்போது முகத்தை மூடினால் விளையாட்டே தொடங்கவில்லை. துண்டு முகத்துக்கு வருகிறது. "காணோமே... பாட்டியைக் காணோமே..." என்று குரல் மட்டும் தொடர்கிறது. குழந்தை அசையாமல் இருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. இப்படி உன்னிப்பாகக் கவனிக்கும்போது குழந்தையின் இதயத்துடிப்பு சற்றுக் குறையும், பயந்தால் கூடும், இதை வைத்தே ஆய்வாளர்கள் இரண்டையும் பிரிக்கிறார்கள். துண்டு இறங்குகிறது, "இதோ!" குழந்தை பார்க்கிறது, அரை நொடி கழித்துச் சின்னப் புன்னகை. முதல் சுற்றில் பெரிய சிரிப்பு வராமல் இருப்பது சகஜம். எந்த விளையாட்டு என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

இரண்டு, மூன்றாம் சுற்று. புன்னகை வேகமாக வருகிறது, மூன்றாவதில் சத்தம் சேர்கிறது. நான்காவதில் துண்டு மேலே போகும்போதே கால்கள் உதைக்கத் தொடங்குகின்றன. ஐந்தாவதில் பாட்டி வழக்கத்தை விடக் கொஞ்சம் நேரம் கூட மறைந்திருக்கிறார், குரலையும் நிறுத்திவிடுகிறார். துண்டுக்குப் பின்னாலிருந்து அவருக்குக் கேட்பது குழந்தையின் சத்தம், ஒரு "ம்ஹ்!", கூப்பிடுவதுபோல. திறக்கிறார், வெடிச்சிரிப்பு. அந்த ஆட்டத்தின் உச்சம் பெரும்பாலும் இங்கேதான், பழகியதும் இழுத்ததும் சேரும் இடத்தில்.

அடுத்த இரண்டு மூன்று சுற்றுகளும் நன்றாகப் போகின்றன. அப்புறம் ஒரு சுற்றில் துண்டு இறங்கியதும் குழந்தை சிரித்துவிட்டுச் சட்டென்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவரைப் பார்க்கிறது. பாட்டி சும்மா இருக்கிறார், கூப்பிடவில்லை. சில நொடிகளில் குழந்தையே திரும்பி அவர் கண்ணைப் பார்க்கிறது, துண்டு மறுபடி மேலே போகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை மறுபடி திரும்புகிறது, இந்த முறை திரும்பி வரவில்லை, தன் கால் விரலைப் பிடிக்கிறது. ஆட்டம் முடிந்தது.

பாருங்கள், "ஒவ்வொரு தடவையும்" என்று நாம் சொல்வது கொஞ்சம் தாராளம்தான். ஓர் ஆட்டத்துக்குள் சிரிப்பு ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. நாளைக்கு மறுபடி ஏறும் என்பதுதான் உண்மையான விசேஷம்.

இது கொஞ்சம் பயமும் கலந்ததா? சில நேரம் சிரிக்கவா அழவான்னு யோசிக்கிற மாதிரி இருக்கு.

கலந்ததுதான். 1970-களில் மேரி ராத்பார்ட், ஆலன் ஸ்ரூஃப் ஆகியோர் தனித்தனியாக ஆனால் ஏறக்குறைய ஒரே திசையில் சொன்னது: சிரிப்புக்கு முதலில் ஒரு கிளர்ச்சி வேண்டும், உடம்பு கொஞ்சம் விறைக்க வேண்டும். அந்த விறைப்பு சிரிப்பாக அவிழுமா அழுகையாக அவிழுமா என்பதைச் சூழல் பாதுகாப்பானதா என்ற கணக்கு தீர்மானிக்கிறது. முகமூடியை வைத்து இதை அழகாகக் காட்டினார்கள். அம்மா குழந்தையின் கண்ணெதிரே முகமூடியைப் போட்டுக்கொண்டு நெருங்கினால் பல குழந்தைகள் சிரித்தன. அதே முகமூடியோடு தெரியாத ஒருவர் நெருங்கினால் அழுகை வரவும் வாய்ப்பு அதிகம்.

பீக்கபூவில் அம்மாவின் குரல் துண்டுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பது வெறும் அலங்காரம் இல்லை. முகம் போனாலும் ஆள் போகவில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. குரலை நிறுத்தி இழுத்தால் கிளர்ச்சி கூடும். பழகிய குழந்தைக்கு அது ருசி, புதிதாகத் தொடங்கும் குழந்தைக்கு அதிகம்.

எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று கண்டுபிடிப்பது எளிது. கண் இறுக்கமாகச் சிமிட்டி, கைகள் இரண்டும் வெளியே பறந்து, உடம்பு துள்ளினால் அது திடுக்கிடல். நீங்கள் "இதோ" என்று கத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். புருவம் ஏறி வாய் அசையாமல் நின்றால் குழப்பம். கீழுதடு பிதுங்கினால் உடனே துண்டைத் தூரப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொள்ளுங்கள்.

வெளிப்படும்போது சிரிக்காம கோபமா முகத்தை வச்சா என்ன ஆகும்?

2001-ல் டயான் மாண்டேக், அர்லீன் வாக்கர்-ஆண்ட்ரூஸ் இருவரும் நான்கு மாதக் குழந்தைகளிடம் பார்த்தது இது. வழக்கம்போல் சிரித்த முகத்தோடு சில சுற்றுகள், பிறகு சில குழந்தைகளுக்குக் கோப முகம், சிலருக்குப் பயந்த முகம், சிலருக்குச் சோக முகம். கோபத்தையும் பயத்தையும் குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். அதாவது முகம் வருகிறது என்பது மட்டும் அல்ல, எந்த மாதிரி முகம் வரும் என்பதும் அவர்களுடைய எதிர்பார்ப்புக்குள் இருக்கிறது. விளையாட்டுக்காக இதை முயற்சி செய்ய வேண்டாம், குழந்தைக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

ஃபோன்ல யாரோ பீக்கபூ பண்ற வீடியோ ஓடவிட்டா போதாதா? கை வலிக்குது.

கை வலிப்பது புரிகிறது. ஆனால் வீடியோவால் முதல் படியைச் செய்யவே முடியாது, உங்கள் குழந்தை பார்க்கிறதா என்று அது காத்திருக்காது, முகத்தைத் திருப்பினால் நிறுத்தாது, "ம்ஹ்!" என்று கூப்பிட்டால் திறக்காது. 1985-ல் லின் மரே, காலின் ட்ரெவார்த்தன் செய்த சோதனையில் இரண்டு மாத வாக்கிலான குழந்தைகள் திரை வழியாக அம்மாவோடு நேரலையில் பேசிக்கொண்டார்கள், நன்றாக ஈடுகொடுத்தார்கள். பிறகு அதே அம்மாவின் சற்றுமுன் பதிவான காட்சியையே திரும்ப ஓட்டினார்கள். அதே முகம், அதே குரல், அதே அன்பு, ஆனால் குழந்தை செய்வதற்கு அது பதில் இல்லை. குழந்தைகள் முகம் திருப்பினார்கள், அமைதியிழந்தார்கள். நேரலை வீடியோ அழைப்பில் தாத்தா பீக்கபூ காட்டினால் அது வேறு விஷயம், அது வேலை செய்யும், இணைப்பு தயங்கித் தயங்கி வராத வரை.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம், எப்போ போரடிக்கும்?

குழந்தைகள் சத்தமாகச் சிரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றரை, நான்கு மாதத்தில். சார்ல்ஸ் டார்வின் தன் மகனைப் பற்றி எழுதி 1877-ல் வெளியிட்ட குறிப்புகளில், 110-ஆம் நாளில் குழந்தையின் முகத்தின்மேல் ஒரு துணியைப் போட்டுச் சட்டென்று விலக்கியபோது அது மிகவும் மகிழ்ந்தது என்றும், தன் முகத்தைத் திடீரென்று திறந்து நெருங்கியபோதும் அப்படியே என்றும் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட இன்றைய கணக்கும் அதுதான். தொடக்கத்தில் மறைவு குறுகியதாக, ஒரு நொடிபோல, இருக்கட்டும்.

உச்சம் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம். அதன்பிறகு விளையாட்டு சாவதில்லை, கை மாறுகிறது. துண்டைக் குழந்தை பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொள்ளும், நீங்கள் தேட வேண்டும். புரூனர் பார்த்த குழந்தைகளிடமும் இந்தக் கைமாற்றம் தெளிவாகத் தெரிந்தது. இப்போது "எப்போது" என்ற ரகசியம் குழந்தையிடம், காத்திருப்பவர் நீங்கள்.

நல்லா சிரிச்சுட்டு இருந்துச்சு, திடீர்னு முகத்தைத் திருப்பிக்குது. பிடிக்கலையா?

பிடித்தது அதிகமாகிவிட்டது. குழந்தை பார்வையைத் திருப்புவதற்குச் சற்று முன் அதன் இதயத்துடிப்பு ஏறுவதும், திருப்பியபின் இறங்குவதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அது தன்னைத்தானே ஆற்றிக்கொள்கிறது. முகம் திரும்பிய பக்கமாகப் போய் அங்கிருந்து "இதோ!" என்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு, அந்தக் குழந்தைக்கு ஒளிய ஒரே ஒரு திசைதான் இருந்தது, அதையும் பிடுங்கிக்கொள்கிறோம். காத்திருங்கள். திரும்பி உங்களைப் பார்த்தால் அடுத்த சுற்று. முதுகை வளைத்தால், கண்ணைத் தேய்த்தால், முனகினால் போதும் என்று அர்த்தம்.

எங்க குழந்தை பீக்கபூவுக்குச் சிரிக்கவே மாட்டேங்குது. கவலைப்படணுமா?

முதலில் எளிய காரணங்கள். பசி, தூக்கம், சளி. விளையாடுபவர் பழகாதவர். ஒரே சுற்றோடு விட்டுவிட்டீர்கள், விதி பழகவே இல்லை. அல்லது குழந்தை அதிகம் சத்தம் போடாத சுபாவம், புன்னகையோடு நிறுத்திக்கொள்ளும், அதுவும் முழுக் கணக்கில் சேர்த்தி.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டிருக்கும் வளர்ச்சிப் பட்டியலில், பீக்கபூ விளையாடும்போது புன்னகைப்பதோ சிரிப்பதோ ஒன்பது மாதத்துக்கான அடையாளங்களில் ஒன்று. நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ குழந்தைகள் அந்த வயதுக்குள் செய்யும் விஷயங்களைத்தான் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், ஆகவே ஒன்று மட்டும் தள்ளிப்போனால் பதற வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதம் தாண்டியும் யாரைப் பார்த்தும் முகம் மலர்ந்த புன்னகை இல்லை, கண்ணோடு கண் சேருவது அரிது, குரல் கேட்டுத் திரும்புவதில்லை என்று ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காது சரியாகக் கேட்காத குழந்தைக்குத் துண்டுக்குப் பின்னாலிருந்து வரும் குரல் இல்லை, கண் சரியாகத் தெரியாத குழந்தைக்கு வெளிப்படும் முகம் இல்லை. பாதி விளையாட்டுதான் அவர்களை எட்டுகிறது.

பெரிய பையன் மூணு வயசு, தன் கண்ணை மட்டும் பொத்திக்கிட்டு "நான் காணோம்"னு சொல்றான். இதுவும் பீக்கபூவோட மிச்சமா?

நேரடி மிச்சம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உறவு இருக்கிறது என்று நினைக்கிறேன். 2012-ல் ஜேம்ஸ் ரஸ்ஸலும் உடன் ஆய்வு செய்தவர்களும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் இதைக் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்ட குழந்தையிடம் "உன்னைப் பார்க்க முடிகிறதா" என்றால் பெரும்பாலோர் முடியாது என்றார்கள். "உன் உடம்பைப் பார்க்க முடிகிறதா" என்றால் முடியும் என்றார்கள்! அப்படியானால் உடம்பு வேறு, "நான்" வேறு. இன்னும் துருவியபோது, கண்ணோடு கண் சேர்ந்தால்தான் ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பதாக அந்தக் குழந்தைகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுபோல் தெரிந்தது.

புரூனரின் நான்கு படிகளில் முதலும் கடைசியும் அதே கண்ணோடு கண்தான். பிறந்து சில நாளே ஆன குழந்தைகூடத் தன்னை நேராகப் பார்க்கும் முகத்தை, வேறு பக்கம் பார்க்கும் முகத்தை விட அதிக நேரம் பார்க்கிறது. அதனால் பையன் சொல்வதை நீங்கள் திருத்த வேண்டாம், கொஞ்ச நேரம் தேடுங்கள், சின்னது பக்கத்தில் இருந்தால் அதையும் தேடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே ஆட்டம் போதும்.